ஏழு நாற்பது யார் சொன்னது?

அந்தச் சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, பள்ளிக்கூட மைதானத்தின் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சொர்ணம் வாந்தி எடுத்தாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, யாரைக் கொல்லலாம் என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கோபம் மூக்கு மேல் என்று பெங்களூர் லிங்கராஜபுரம் முழுக்கத் தெரியும். பதினாறு வருடமாக இங்கே பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். புருவம் திருத்தும்போது வாடிக்கைக்காரி அசையக் கூடாது, பேசவும் கூடாது. ஆகவே பேச்சு முழுக்க என்னுடையது. அது அப்படியே பழக்கமாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு வந்த கோபம் வாய்க்கோபம் இல்லை. வயிற்றில் இருந்து வந்தது. ஏனென்றால் சொர்ணம் வாயைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இது வராதுக்கா. நான் நிறுத்திக்கிறேன்," என்று சொன்னாள். அவள் நிறுத்தக் கூடாத ஆள்.

சொர்ணம் எங்கள் வீட்டு மாடியில் பத்து வருடமாகக் குடியிருக்கிறாள். முப்பத்தொன்பது வயது. தர்மபுரிக்காரி. புருஷன் டெம்போ ஓட்டுகிறான், அவள் ஒரு கூரியர் ஆபீஸில் பார்சல் பிரிக்கிறாள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. மே மாதம் அவளுக்குத் தலைசுற்றல் வந்து, நான்தான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆறு புள்ளி இரண்டு. டாக்டர் சொன்னார்: "இது இன்னும் சர்க்கரை வியாதி இல்ல, ஆனா வாசல்ல நிக்குது. மூணு மாசம் டைம் தர்றேன். சாப்பாட்டைக் குறைங்க, நடங்க, மெதுவா ஓடவும் பழகுங்க. மறுபடியும் டெஸ்ட் எடுப்போம்." அவளுடைய அண்ணன் அதே சர்க்கரையில் ஒரு காலை இழந்தவன். டாக்டர் பேசும்போதெல்லாம் சொர்ணம் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, நம்ம குரூப் இருக்கிறதே என்று இழுத்துக்கொண்டு வந்தேன். நான் ஒரு வருடமாக இங்கே ஓடுகிறேன். செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறு மணி. நடத்துகிறவர் டிரேவர் சார், பக்கத்துப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். காசு வாங்குவதில்லை, கத்துவதும் இல்லை. ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு கூட்டம் பிரித்திருக்கிறார். பெங்களூரில் ஓடுகிறவர்கள் அதை 'பஸ்' என்பார்கள். ஆறரை பஸ் என்றால் ஒரு கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓடுகிறவர்கள். அடுத்தது ஏழு நாற்பது பஸ், அதாவது ஏழு நிமிடம் நாற்பது விநாடி, என்னுடையது. அதற்கு அடுத்தது ஒன்பது பஸ். ஏறினால் கடைசிவரைக்கும் அதே வேகம்.

அந்த ஏழு நாற்பது பஸ்ஸை முன்னால் நின்று ஓட்டுகிறவன் அஷ்வத். புது அபார்ட்மென்ட்டில் இருக்கிற ஐ.டி. பையன், முப்பது வயது இருக்கும். கையில் தோசைக்கல் அளவுக்கு ஒரு வாட்ச். சொர்ணம் சேர்ந்ததிலிருந்து மூன்று வாரமும் அவன் பின்னால்தான் ஓடினாள். முதல் வாரம் விலாவில் குத்தல். இரண்டாம் வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி. மூன்றாம் வாரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை பின்தங்கி, ஒரு தடவை விழுந்தடித்துக்கொண்டு வந்து சேர்வாள். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்து, "ஆண்ட்டி, கமான், பஸ்ஸை பிரேக் பண்ணாதீங்க. பேஸ் டிராப் ஆகுது," என்பான், வேகம் குறைகிறதாம்.

அன்றைக்கு வாந்தி எடுத்தவளிடம் வந்து என்ன சொன்னான் தெரியுமா? "ஆண்ட்டி, சண்டே கப்பன் பார்க்ல வாக்கிங் குரூப் இருக்கு. உங்களுக்கு அது சூட் ஆகும்."

அவ்வளவுதான்.

"யோவ், உன் கண்ணு எங்கய்யா இருக்கு?" என்று ஆரம்பித்தேன். "வாட்ச்சைப் பார்க்கத் தெரியுது, மனுஷி முகத்தைப் பார்க்கத் தெரியலையா? மூணு வாரமா அவ மூஞ்சி செங்கல் மாதிரி சிவந்து கிடக்கு. மூச்சு வாங்கறது ஹென்னூர் ரோடு வரைக்கும் கேக்குது. உனக்குக் கேக்கலையா? காதுல என்ன, பாட்டா?"

"ஆண்ட்டி, நான் கரெக்ட்டா செவன் ஃபார்ட்டிதான் ஓடினேன். ஒரு செகண்ட் கூட அதிகமா ஓடல. அவங்க பேஸ் செவன் ஃபார்ட்டின்னு சார் நோட்ல இருக்கு."

"நோட்டைக் கொண்டுபோய் அடுப்புல போடு!"

முப்பது பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் நேராக டிரேவர் சாரிடம் போனேன். அவர் ஒரு பெரியவருக்கு ஷூ லேஸ் கட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சார், உங்க முறையெல்லாம் சும்மா ஏமாத்து வேலை," என்றேன். "பேசிக்கிட்டே ஓடணும், மூச்சு வாங்கக் கூடாது, அதுதான் ஆரம்ப வேகம்னு எல்லார்கிட்டயும் சொல்றீங்க. இங்க ஒருத்தி வாந்தி எடுக்கறா. மூணு மாசத்துல ஒரு மாசம் போச்சு. அவ நிறுத்திக்கிறேங்கறா. நாளைக்கு அவளுக்கு சுகர் ஏறிச்சுன்னா நீங்க பதில் சொல்வீங்களா?"

அவர் நிமிர்ந்து முதலில் சொர்ணத்தைப் பார்த்தார். போய் அவளை நிழலில் உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்க வைத்து, நெஞ்சில் வலி இருக்கிறதா, கண் இருட்டுகிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். "இருந்தாலும் இன்னைக்கே கிளினிக்ல ஒரு தடவை காட்டிடுங்க. அவங்க ஓகே சொன்னப்புறம் மத்தது பேசலாம்," என்றார். காட்டினோம், பயப்பட ஒன்றும் இல்லை, அளவுக்கு மீறிய வேகம்தான், இரண்டு நாள் விட்டு மெதுவாக ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அது பிறகு நடந்தது. அப்போது டிரேவர் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நோட்டைத் திறந்தார்.

"சொர்ணம். ஜூன் எட்டு. ஈஸி கிலோமீட்டர், ஏழு முப்பத்தெட்டு. கொஞ்சம் மெதுவா இருக்கட்டும்னு ஏழு நாப்பதுல போட்டேன். ஆஞ்சலா, இந்த ஏழு முப்பத்தெட்டு யார் சொன்னது?"

"நான்தான் சொன்னேன். அதுக்கென்ன?"

இதை விவரமாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு டிரேவர் சாரின் ஏற்பாடு இப்படி: முதலில் பத்து நிமிடம் நடை. அப்புறம் பழைய ஆள் ஒருத்தர் கூடவே ஓட வேண்டும். மைதானத்துக்கு ஒரு சுற்று இருநூற்றைம்பது மீட்டர், நாலு சுற்று ஒரு கிலோமீட்டர். ரேஸ் இல்லை. பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓட வேண்டும். மூன்று நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சுக்கு நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம், குறைக்க வேண்டும். அப்படிப் பேசிக்கொண்டே ஓடி முடித்த கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் ஆனதோ, அதுதான் அவருடைய ஆரம்ப வேகம். அதைவிட மெதுவாக ஓடலாம், நடுவில் நடக்கலாம். முதல் சில வாரம் அதைவிட வேகமாக மட்டும் போகக் கூடாது. நாலு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம். இது எனக்கு மனப்பாடம். நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

சொர்ணத்தோடு நான்தான் ஓடுவேன் என்று அன்றைக்கு முன்னால் வந்து நின்றதும் நான்தான். யாரோ எவரோ ஓடினால் அவள் கூச்சப்படுவாள் இல்லையா?

"பேசிக்கிட்டே வந்தோம் சார்னு சொன்ன," என்றார் டிரேவர் சார்.

"ஆமா. பேசிக்கிட்டேதான் வந்தோம். சத்தியமா. நாலு சுற்றும்."

"என்ன பேசினீங்க?"

"எல்லாம்தான். எங்க பார்லர் பில்டிங் ஓனர் தண்ணி மோட்டரைப் பூட்டி வெச்சானே, அந்த விஷயம். அப்புறம் ஒரு கல்யாணப் பொண்ணு, மேக்கப் போட்டு முடிச்சப்புறம் 'இது நான் இல்ல'ன்னு அழுதாளே, அது. எல்லாம் சிரிச்சுக்கிட்டேதான் வந்தோம்."

"இதெல்லாம் உன் கதை. அவ பேசின ஒரு வாக்கியம் சொல்லு. ஒண்ணே ஒண்ணு."

நான் வாயைத் திறந்தேன். வாயில் ஒன்றும் வரவில்லை. பதினாறு வருடத்தில் முதல் தடவை.

யோசித்துப் பார்த்தேன். முதல் சுற்றில் 'ஆமாக்கா' என்றாள். இரண்டாவது சுற்றில் 'ம்'. மூன்றாவதில் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது, அப்போது நான் ஓனருக்கு நான் கொடுத்த பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலாவதில் 'ம்' கூட இல்லை. முடிந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். முதல் நாள்தானே என்று நினைத்தேன். நினைத்தேனா? இல்லை, ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தேன். ஏழு முப்பத்தெட்டு என்று கண்டதும் சந்தோஷம் தாங்கவில்லை. என் பஸ்ஸிலேயே வருவாள், வாரத்துக்கு மூன்று நாள் பேச ஆள் கிடைத்தது என்று சந்தோஷம்.

ஆனால் அதை ஒப்புக்கொள்வேனா?

"அவ பேசாத பொண்ணு சார்!" என்று கத்தினேன். "வீட்லயே பேச மாட்டா!"

"பேசாத பொண்ணுக்கு எப்படிம்மா பேச்சு டெஸ்ட் எடுத்த? அது உன் ஈஸி கிலோமீட்டர். நீ எப்பவும் ஓடற வேகம். உன் மூச்சைத்தான் நீ டெஸ்ட் பண்ணியிருக்க. அதை அவ பேருக்கு நேரா எழுதிட்டோம்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன் வாயால் அடுத்தவளைக் கெடுத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, அழுகை வந்ததற்கும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை எங்கேயாவது வைக்க வேண்டுமே.

"உங்களுக்கு மட்டும் தப்பில்லையா?" என்றேன். "நான் வந்து நம்பரைச் சொன்னேன், நீங்க எழுதிட்டீங்க. அந்தப் பொண்ணைப் பார்த்து 'எப்படிம்மா இருந்துது'ன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? நோட்டுல நூறு பேர் டைம் இருக்கு, ஒருத்தர் மூச்சாவது இருக்கா? அந்த அஷ்வத் மூணு வாரமா அவ தவிக்கிறதைப் பார்த்தான். பேஸ் டிராப் ஆகுதாம், பேஸ்!"

டிரேவர் சார் நோட்டை மூடினார். "கரெக்ட். நான் கேக்கலை. கேட்டிருக்கணும்," என்றார். "இனிமே புதுசா வர்றவங்க வாயால கேக்காம எழுத மாட்டேன். ஆனா அவங்க நிறுத்தறதுக்குள்ள இதைச் சரி பண்ணணும் ஆஞ்சலா. அவங்க என்ன நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியவில்லை. அதுதான் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, சேலை கூட மாற்றாமல் மாடி ஏறினேன். சொர்ணம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுடைய ஓடுகிற ஷூ, போன மாதம் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் நான் கூட நின்று வாங்கிக் கொடுத்தது, கழுவிக் காயவைத்து ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி அலமாரி மேலே ஏற்றப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் மறுபடி ஏறியது.

"என்னடி இது? யாருக்குக் கொடுக்கப் போற?"

"நாத்தனாருக்குக்கா. அவ காலு அதே சைஸ்."

"மூணு மாசம் டைம் கொடுத்திருக்காரு டாக்டர்! உங்கண்ணனை மறந்துட்டியா? நான் என்ன சொல்றேன்னா..."

அவள் கீரையிலிருந்து கையை எடுத்து என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. மழை நிற்கட்டும் என்று கடை ஓரமாக ஒதுங்கி நிற்கிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி. பத்து வருடமாக அவள் இப்படித்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாளா? நான் பாதி வாக்கியத்தில் நிறுத்தினேன். கஷ்டமாக இருந்தது, ஆனாலும் நிறுத்தினேன்.

"தப்பு என்னுது சொர்ணம்," என்றேன். "அந்த ஏழு முப்பத்தெட்டு உன் டைம் இல்ல. என் டைம். நான் பேசிக்கிட்டே வந்தேன், உன்னைப் பேச விடல. உனக்கு ஓட வரலைன்னு இல்ல. வேற ஒருத்தி வேகத்துல உன்னை ஓட வெச்சுட்டோம்."

குக்கர் ஒரு விசில் விட்டது. அப்புறம், "நிஜமாவா?" என்றாள்.

"டிரேவர் சார் வாயாலயே கேளு. ஒரே ஒரு கிலோமீட்டர். மறுபடி எடுப்போம். அதுக்கப்புறம் ஷூவை யாருக்கு வேணா கொடு."

"வர்றேன்க்கா. ஆனா நீ வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் நான் நின்னுடுவேன்."

"நான் ஏன்டி பேசப் போறேன்?" என்றேன். அவள் கையை உயர்த்தினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை மேகம் போட்டிருந்தது, ஓடுவதற்கு நல்ல குளிர். மற்ற பஸ்கள் கிளம்பிப் போகட்டும் என்று டிரேவர் சார் எங்களைக் காத்திருக்க வைத்தார். அஷ்வத் மட்டும் போகவில்லை. அவன் பஸ்ஸை வேறொருத்தரிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றான். எனக்கு அவனைப் பார்த்ததும் நாக்கு துருதுருத்தது.

பத்து நிமிடம் நடந்தோம். அப்புறம் டிரேவர் சார் சொர்ணத்திடம், "முதல் சுற்று கணக்கில்ல. அது உங்க மூச்சு பழகறதுக்கு. அந்தச் சுற்றுல வேகத்தைத் தேடுங்க. நீங்க மறுபடி இந்தக் கோட்டைத் தாண்டும்போது வாட்ச்சை ஆன் பண்ணுவேன், அங்கேருந்து நாலு சுற்று. ஓடறது பாதி வேலைதான், பேசறதுதான் மீதி வேலை. வாக்கியம் நடுவுல உடைஞ்சா உடனே குறைங்க. நடக்கற மாதிரி இருந்தாலும் பரவாயில்ல," என்றார்.

"என்ன சார் பேசறது?"

"உங்க ஆபீஸ்ல என்ன வேலைன்னு சொல்லுங்க. ஆஞ்சலாவுக்கு வெளக்கிச் சொல்லுங்க."

கிளம்பினோம். அவள் பழக்கதோஷத்தில் அஷ்வத் ஓடுகிற மாதிரியே ஓட ஆரம்பித்தாள். "காலைல லாரி... வந்ததும்... பின்கோடு பார்த்து..." உடைந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வேகத்தைக் குறைத்தேன், அவளும் குறைத்தாள். "பின்கோடு பார்த்து... தனித்தனியா..." இன்னும் குறைத்தோம். எனக்குக் கால் இந்த மாதிரி மெதுவாகப் போய்ப் பழக்கமே இல்லை, இடத்திலேயே குதிக்கிற மாதிரி இருந்தது. மூலையைத் திரும்பும்போது, அவள், "பின்கோடு பார்த்துத் தனித்தனியாப் பிரிச்சு வெச்சாத்தான் பத்து மணிக்குப் பசங்க வண்டியில ஏத்திக்கிட்டுப் போவாங்க," என்று ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தாள்.

கோட்டைத் தாண்டினோம். டிரேவர் சார் வாட்ச்சை அழுத்தினார்.

"இது ஃபாஸ்ட் வாக்கிங் மாதிரி இருக்கே சார்," என்று அஷ்வத் சொன்னது காதில் விழுந்தது.

"ரெண்டு காலும் ஒரே நேரத்துல தரையை விட்டு எழும்புதா பாரு," என்றார் டிரேவர் சார். "எழும்புதில்ல? அப்ப ஓட்டம்தான். அவங்க வாயைப் பாரு, வாட்ச்சைப் பாக்காத."

கணக்கில் வந்த முதல் சுற்று முழுக்கக் கூரியர் ஆபீஸ். ஐஸ்கிரீம் மெஷின் அனுப்பி உடைந்துபோன கதை, சூப்பர்வைசர் மமதா மேடம் எவ்வளவு நல்லவர் என்ற கதை. எனக்கு நடுவில் நூறு கேள்வி வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். இரண்டாவது சுற்றில் பேச்சு நின்றது. மூச்சு வாங்குகிறதோ என்று திரும்பிப் பார்த்தேன். மூச்சு சீராகத்தான் இருந்தது. அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"பேசுங்கம்மா!" என்று டிரேவர் சார் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

"அக்கா," என்றாள். "அன்னைக்கு ரெண்டாவது சுற்றுல நான் உன் கையைத் தொட்டேன். மெதுவாப் போலாம்னு சொல்லத்தான் தொட்டேன். நீ 'அதானே, நானும் அவன்கிட்ட அதைத்தான் கேட்டேன்'னு சொல்லிட்டு இன்னும் வேகமாப் போயிட்ட."

எனக்கு ஞாபகம் இல்லை. கை தொட்டது கூட ஞாபகம் இல்லை.

"டாக்டர் என்னைப் பார்த்துதான் கேட்டார், 'உங்களுக்கு என்ன பண்ணுது'ன்னு. நீ பதில் சொன்ன. தலைசுத்துதுன்னு மட்டும் சொன்ன. எனக்குக் கால் ரெண்டும் ராத்திரியில மரத்துப்போகுதுன்னு நான் சொல்ல வந்தேன். ரெண்டு தடவை வாயைத் திறந்தேன். நீ அவருக்கு உங்க மாமியார் சுகர் கதையைச் சொல்லிக்கிட்டிருந்த."

கால் மரத்துப்போகிறதா? எத்தனை நாளாக? கேள்வி வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்டால் நின்றுவிடுவாள். ஓடிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது சுற்றில் அவள் குரல் உயர்ந்தது. வேகம் மட்டும் ஏறவில்லை. அதே காலடி, அதே மூச்சு. பத்து வருடத்தில் சொர்ணம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "நீ எனக்கு நல்லதுதான் பண்ற. இல்லைன்னு சொல்லல. ஷூ வாங்கிக் கொடுத்த, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன, என் பொண்ணு ஃபீஸுக்கு ஸ்கூல்ல போய் சண்டை போட்ட. ஆனா என்னை ஒரு தடவை முழுசாக் கேட்டிருக்கியாக்கா? முடியைக் கொஞ்சமா வெட்டுன்னு சொன்னா, உனக்கு இதுதான் நல்லா இருக்கும்னு கழுத்து வரைக்கும் வெட்டின. நான் ரெண்டு மாசம் முக்காடு போட்டுக்கிட்டு வேலைக்குப் போனேன்."

கோட்டைத் தாண்டும்போது டிரேவர் சார், "ரெண்டு இருபத்தெட்டு, ரெண்டு இருபத்தெட்டு, ரெண்டு இருபத்தேழு. அப்படியே போங்க," என்று கணக்குச் சொன்னார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அஷ்வத் தன் வாட்ச்சைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

நாலாவது சுற்று. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஓட்டத்தை விடவில்லை.

"மூணு வாரமா நான் என்ன நெனச்சேன் தெரியுமா? எங்கண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு, உள்ள எல்லாம் கெட்டுப்போச்சு, அதனாலதான் எல்லாரும் ஓடற வேகம் எனக்கு மட்டும் வரலைன்னு நெனச்சேன். ராத்திரி எழுந்து லைட்டைப் போட்டு என் காலைத் தடவித் தடவிப் பார்ப்பேன். பொண்ணுகிட்ட நகை எங்க இருக்குன்னு கூட சொல்லி வெச்சேன். அது உன் வேகம்னு முந்தாநாள்தான் சொல்ற! மூணு வாரம் நான் செத்துப்போவேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், நீ பக்கத்துல ஓடிக்கிட்டே உன் பார்லர் தண்ணி மோட்டரைப் பத்திப் பேசிக்கிட்டு வந்த!"

பதில் சொல்ல என்னிடம் ஆயிரம் இருந்தது. எனக்குத் தெரியாதுடி என்று சொல்லலாம். நீ சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். மூச்சு நிறைய இருந்தது எனக்கு. என் வேகத்துக்கு இது நடை. அவள் பக்கத்தில், அவள் காலடிக்கு என் காலடியை வைத்து, வாயை மூடிக்கொண்டு ஓடினேன். என் கண்ணிலிருந்தும் கொட்டியது, அதைத் துடைக்கக் கூட இல்லை.

"ஒன்பது ஐம்பத்திரெண்டு!" என்று டிரேவர் சார் கத்தி விசில் அடித்தார். "பத்து பஸ், சொர்ணம்! உங்களுக்காகப் பத்து பஸ் ஆரம்பிக்கிறோம்! போதும், நடங்க!"

அவள் கோட்டைத் தாண்டினாள். நிற்கவில்லை. அவளுக்கு விசில் கேட்டதா என்றே தெரியவில்லை. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் அழகாக ஒரு மூச்சு எடுத்தாள்.

"இன்னொண்ணு, அந்த தீபாவளிக்கு..." என்று தொடங்கி, ஐந்தாவது சுற்றுக்குத் திரும்பினாள். நான் வாயைத் திறக்காமல் கூடவே ஓடினேன்.